புது புராஜெக்ட் டீமில் யாருக்கு எந்த ரோல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டீம் ரோல், டீம் ரோல் என்கிறார்களே, அது என்ன?

குழுவில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் இரண்டு பங்கு உண்டு. ஒன்று, அவரை எதற்காகச் சேர்த்தோமோ அந்த வேலை: கணக்கு, கொள்முதல், மின்சாரம், விற்பனை. இன்னொன்று, நாலு பேரோடு உட்கார்ந்ததும் அவர் இயல்பாக நடந்துகொள்ளும் விதம். ஒருவர் எதையும் சந்தேகத்தோடு கேட்பார், ஒருவர் 'சரி, திங்கட்கிழமை ஆரம்பிச்சிடலாம்' என்பார், ஒருவர் பேசாமல் இருப்பவரைப் பார்த்து 'நீங்க என்ன நினைக்கிறீங்க' என்பார். இந்த இரண்டாவது பங்குதான் டீம் ரோல்.

இதை ஒழுங்காக வகைப்படுத்தியவர் பிரிட்டனைச் சேர்ந்த மெரிடித் பெல்பின். ஹென்லியில் இருந்த மேலாண்மைக் கல்லூரிக்குப் பயிற்சிக்கு வந்த மேலாளர்களைக் குழுக்களாகப் பிரித்து, வியாபார விளையாட்டு ஒன்றை ஆடவிட்டு, எந்தக் குழு ஜெயிக்கிறது, ஏன் ஜெயிக்கிறது என்று அவரும் உடனிருந்தவர்களும் ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். 1981இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். அப்போது எட்டு ரோல்கள்தான். ஸ்பெஷலிஸ்ட் பிறகு வந்து சேர்ந்தது. அந்த விளையாட்டை ஆட எந்தத் துறை அறிவும் தேவைப்படாததால் அங்கே அந்த ரோல் கண்ணில் படவில்லை.

இன்றைய ஒன்பதையும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். புது யோசனை தருபவர் பிளாண்ட். வெளியே போய் ஆளையும் வாய்ப்பையும் பிடித்து வருபவர் ரிசோர்ஸ் இன்வெஸ்டிகேட்டர். குறிக்கோளைத் தெளிவாக்கி, பொருத்தமானவரிடம் வேலையை ஒப்படைப்பவர் கோஆர்டினேட்டர். நெருக்கி முன்னே தள்ளுபவர் ஷேப்பர். உணர்ச்சிவசப்படாமல் எடைபோட்டுப் பார்ப்பவர் மானிட்டர் எவால்யுவேட்டர். உரசல் வராமல் அனுசரித்துப் போகிறவர் டீம் ஒர்க்கர். பேசியதை வேலையாக மாற்றுபவர் இம்ப்ளிமென்டர். கடைசிப் பிழையையும் தேடிப் பிடிப்பவர் கம்ப்ளீட்டர் ஃபினிஷர். ஒரு துறையில் ஆழமாக மூழ்கியவர் ஸ்பெஷலிஸ்ட். கடலூர், புதுச்சேரி பக்கம் இதைப் பயன்படுத்துகிற கம்பெனிகளில் எல்லாரும் இந்தப் பெயர்களைத்தான் சொல்கிறார்கள் என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஒன்பது ரோல் இருக்கிறது. எங்கள் டீமில் ஆறு பேர்தான். இன்னும் மூன்று பேர் எடுக்க வேண்டுமா?

வேண்டாம். ஒருவருக்கு இரண்டு மூன்று ரோல் இயல்பாகவே வரும். இன்னும் சில ரோல்களை, அவசியம் என்றால், கொஞ்சம் முயற்சி எடுத்துச் செய்துவிடுவார். மீதி ரோல்கள் அவருக்கு ஒத்துவராது, அதைச் செய்யச் சொன்னால் சோர்ந்துவிடுவார். பெல்பின் படிவத்தை நிரப்பினால் வரும் அறிக்கையும் இப்படி மூன்று அடுக்காகத்தான் இருக்கும். அதனால் நாலு பேர் கொண்ட குழுகூட ஒன்பதையும் தொட்டுவிட முடியும்.

பார்க்க வேண்டியது வேறு இரண்டு. யாருக்குமே இயல்பாக வராத ரோல் எது, மூன்று பேர் போட்டி போடும் ரோல் எது. முதலாவதை எல்லாரும் தேடுவார்கள், இரண்டாவதை மறந்துவிடுவார்கள். மூன்று ஷேப்பர் ஒரே அறையில் இருந்தால் கூட்டம் முழுக்க வாக்குவாதமாகத்தான் போகும். மூன்று டீம் ஒர்க்கர் இருந்தால் சிரித்துப் பேசிக் கலைவார்கள், முடிவு மட்டும் எடுத்திருக்க மாட்டார்கள்.

டீம் லீடர் நான்தான். அப்போ கோஆர்டினேட்டர் நான்தானே?

இருக்கலாம், இல்லாமலும் போகலாம். லீடர் என்பது பதவி. கோஆர்டினேட்டர் என்பது நடந்துகொள்ளும் விதம். பெல்பின் முதலில் இந்த ரோலுக்குச் சேர்மன் என்றுதான் பெயர் வைத்திருந்தார். பதவியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள அது இடம் கொடுத்தது.

கோஆர்டினேட்டரை அடையாளம் காண ஒரு வழி சொல்கிறேன். கூட்டத்தில் ஒரு பிரச்சினை வந்ததும் அவர் தன் தீர்வைச் சொல்ல மாட்டார். 'இது யார் கைக்குப் போனால் நல்லது' என்றுதான் யோசிப்பார். யாருக்கு எது வரும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். பேச்சு எங்கெங்கோ போகும்போது, 'நாம் இன்றைக்கு முடிவெடுக்க வந்தது இதைத்தானே' என்று இழுத்துக்கொண்டு வருவார். அறிவில் அந்த அறையிலேயே முதல் ஆளாக அவர் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இந்த ரோலுக்கு ஒரு பலவீனமும் உண்டு. வேலையைப் பிரித்துக் கொடுக்கத் தெரிந்தவர், தன் பங்கையும் சேர்த்துப் பிரித்துக் கொடுத்துவிடுவார். 'சார் எல்லாத்தையும் எங்க தலையில கட்டிட்டு ஜாலியா இருக்கார்' என்ற முணுமுணுப்பு கேட்டால் அது இதுதான். ஆளைக் குறை சொல்ல வேண்டியதில்லை. கூட்டக் குறிப்பில் அவர் பெயருக்கு எதிரேயும் ஒரு வேலை, ஒரு தேதி எழுதிவிட்டால் போதும்.

நீங்கள் லீடர், ஆனால் உங்கள் இயல்பு ஷேப்பர் என்றால் அதில் தப்பு ஒன்றும் இல்லை. தேங்கிக் கிடக்கும் புராஜெக்டுக்கு ஷேப்பர் லீடர் நல்லதே. கூட்டம் நடத்துவதை மட்டும் கோஆர்டினேட்டர் இயல்புள்ள இன்னொருவரிடம் விட்டுப் பாருங்கள்.

எங்கள் டீமில் எல்லாருமே இன்ஜினியர்கள். அப்படியானால் எல்லாரும் ஸ்பெஷலிஸ்ட்தானே?

இல்லை. படிப்பையோ அனுபவத்தையோ வைத்து இந்த ரோலைச் சொல்வதில்லை. இருபது வருட அனுபவமுள்ள வெல்டிங் இன்ஜினியர் குழுவில் டீம் ஒர்க்கராக இருப்பார். நேற்று சேர்ந்த பையன் ஸ்பெஷலிஸ்டாக இருப்பான்.

ஸ்பெஷலிஸ்ட் தன் துறையை அதற்காகவே நேசிப்பவர். யாரும் கேட்காமலேயே அதில் படித்துக்கொண்டிருப்பார். அந்தத் துறை பற்றிப் பேச்சு வந்தால் முகம் மலரும், வேறு விஷயம் வந்தால் மொபைலை எடுத்துவிடுவார். அவரால் குழுவுக்குக் கிடைக்கும் லாபம் ஆழம். நஷ்டம், அவர் ஒரு குறுகிய சந்திலிருந்துதான் பேசுவார், நுணுக்கத்தில் இறங்கிவிட்டால் நேரம் போவது தெரியாது.

அவரிடம் பொதுவாக 'உங்க கருத்து என்ன' என்று கேட்காதீர்கள். குறிப்பான கேள்வி, பதில் வேண்டிய தேதி, அந்தப் பதிலை வைத்து நாம் எடுக்கப்போகும் முடிவு, இந்த மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். கீழே பலா சிப்ஸ் குழுவைப் பற்றிச் சொல்லும்போது இது எப்படி வேலை செய்தது என்று காட்டுகிறேன்.

இம்ப்ளிமென்டர் என்றால் சொன்னதைச் செய்கிறவர், அவ்வளவுதானே?

அப்படி நினைத்துத்தான் நிறைய டீம்கள் அவரைக் கீழே வைக்கின்றன. எனக்கு இது வருத்தமான விஷயம். கூட்டத்தில் 'உள்ளூர்க் கடைகளுக்கு நாமே சப்ளை பண்ணலாம்' என்று எளிதாகச் சொல்லிவிடுவோம். எத்தனை கடை, எந்த ரூட், வண்டி காலை எத்தனை மணிக்குக் கிளம்பும், திரும்பி வரும் சரக்கை யார் எண்ணுவது, பில் புத்தகம் யாரிடம் இருக்கும் என்று அந்த ஒரு வரியை இருபது வேலையாகப் பிரிப்பவர் இம்ப்ளிமென்டர். யோசனைக்கும் நடைமுறைக்கும் நடுவில் இருக்கிற வேலை முழுக்க அவருடையது.

அவருடைய குறை, வகுத்த திட்டத்தை மாற்றச் சொன்னால் சட்டென்று மாற மாட்டார். இதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மாற்றத்தால் குலையப்போகும் இருபது வேலையும் அவர் கண் முன்னே ஓடும், மற்றவர்களுக்கு அது தெரியாது. மாற்றம் வரப்போகிறது என்றால் கூட்டத்தில் அறிவிப்பதற்கு முந்தின நாளே அவரிடம் தனியாகச் சொல்லி, 'இதனால எது எது அடிபடும்' என்று கேளுங்கள். கூட்டத்தில் எதிர்த்திருக்கக்கூடியவரே பாதி வேலையை அங்கேயே முடித்துக் கொடுத்துவிடுவார்.

யாருக்கு எந்த ரோல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நெட்டில் வரும் டெஸ்ட் போதுமா?

பெல்பினின் சுயமதிப்பீட்டுப் படிவத்தில் ஏழு பகுதி இருக்கும். ஒவ்வொரு பகுதியிலும் சில வாக்கியங்கள். ஒரு பகுதிக்கு மொத்தம் பத்து மதிப்பெண், அதைத் தனக்குப் பொருந்துகிற வாக்கியங்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். இன்றைய முறையான படிவம் கட்டணத்துக்கு உரியது. நெட்டில் இலவசமாகச் சுற்றுபவற்றில் பல, பழைய எட்டு ரோல் படிவத்தின் பிரதிகள். அதில் ஸ்பெஷலிஸ்ட் இருக்கவே மாட்டார்.

படிவம் எதுவானாலும், தன்னைப் பற்றித் தானே சொல்வது பாதிதான். சேர்ந்து வேலை செய்தவர்கள் அவரைப் பற்றிச் சொல்வது மீதி. பெல்பின் முறையில் இதற்கென்று தனிப் படிவமே இருக்கிறது, குறைந்தது நாலு பேராவது நிரப்ப வேண்டும் என்கிறார்கள். தான் சொல்வதும் மற்றவர்கள் சொல்வதும் ஒத்துப்போனால் அந்த ரோலை நம்பலாம். ஒருவர் தன்னைப் பிளாண்ட் என்கிறார், மற்ற நாலு பேரும் இம்ப்ளிமென்டர் என்கிறார்கள் என்றால், அவரை யோசனை தரும் இடத்தில் உட்கார வைத்துவிட்டு ஏமாறக்கூடாது.

புதுக் குழு என்றால் யாருக்கும் யாரையும் தெரியாதே என்பீர்கள். அப்போது பழைய வேலையைப் பற்றிக் கேளுங்கள். 'நீங்க கடைசியா இருந்த குழுவுல, எந்த வேலை உங்ககிட்ட தானா வந்து சேர்ந்தது? எந்த வேலையைத் தள்ளிப் போட்டீங்க?' இந்த இரண்டு கேள்வியில் நிறையத் தெரிந்துவிடும். அப்புறம் முதல் இரண்டு கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்று குறித்து வையுங்கள். யோசனை சொன்னாரா, கேள்வி கேட்டாரா, வேலையைப் பிரித்தாரா, பேச்சைத் திருப்பினாரா என்று பெயருக்கு எதிரே ஒரு கோடு போட்டால் போதும். ஹென்லியில் செய்ததும் ஏறக்குறைய இதுதான். ஒருவர் ஓரமாக உட்கார்ந்து, யார் எந்த வகையான பங்களிப்பு செய்கிறார் என்று இடைவிடாமல் குறித்துக்கொண்டிருப்பார்.

ஒரு குழுவை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை சொல்ல முடியுமா?

பண்ருட்டியிலிருந்து காடாம்புலியூர் போகிற பக்கத்தில் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம். பலாப்பழத்தை மொத்தமாக விற்றுக்கொண்டிருந்தவர்கள், பலா சிப்ஸ் போட முடிவு செய்து தை மாதம் ஆறு பேர் கொண்ட குழு அமைத்தார்கள். சிப்ஸுக்குப் பழுத்தது ஆகாது, முற்றிய காய்தான் வேண்டும். அதனால் வெயில் காலத்தில் வரத்து ஆரம்பிப்பதற்குள் எல்லாம் தயாராக இருக்க வேண்டும்.

ஆறு பேர் யார் என்றால்: ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், அவர்தான் குழுத் தலைவர். கொள்முதலும் விற்பனையும் பார்க்கும் தம்பி ஒருவர். உணவுத் தொழில்நுட்பம் படித்த பெண். கூடத்தையும் இயந்திரத்தையும் பார்க்கும் அண்ணன். கணக்கு எழுதும் அம்மா. தோல் சீவி, சுளை பிரிக்கும் பெண்களை அழைத்து வரும் சுய உதவிக் குழு அக்கா.

பழைய வேலை பற்றிய கேள்விகள், கூட்டக் குறிப்பு, படிவம் எல்லாம் சேர்த்துப் பார்த்ததில் படம் இப்படி வந்தது. ஆசிரியர் கோஆர்டினேட்டர். தம்பி ரிசோர்ஸ் இன்வெஸ்டிகேட்டர், பத்து பேரிடம் பேசிவிட்டு வந்து பத்து வாய்ப்பு சொல்வார், அடுத்த வாரம் அதில் எட்டை மறந்திருப்பார். உணவுத் தொழில்நுட்பப் பெண் ஸ்பெஷலிஸ்ட். அண்ணனும் கணக்கு அம்மாவும் இம்ப்ளிமென்டர்கள். அம்மாவுக்கு இரண்டாவதாகக் கம்ப்ளீட்டர் ஃபினிஷர் வந்தது. அக்கா டீம் ஒர்க்கர், இரண்டாவது கோஆர்டினேட்டர்.

பிளாண்ட் இல்லை, ஷேப்பர் இல்லை, மானிட்டர் எவால்யுவேட்டர் இல்லை. குழுவே பதறியது பிளாண்ட் இல்லாததற்குத்தான். 'கிரியேட்டிவ் ஆள் ஒருத்தர் வேணுமே' என்றார்கள். என் கணிப்பு வேறாக இருந்தது. என்ன செய்யப் போகிறோம் என்பது முன்பே முடிவாகிவிட்ட புராஜெக்ட் அது. பலா சிப்ஸ் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. அங்கே அதிகம் அடிபடப்போவது பண முடிவும் கடைசிச் சரிபார்ப்பும்தான்.

அது சீக்கிரமே தெரிந்தது. தம்பி ஒரு பெரிய வறுக்கும் இயந்திரத்துக்கு விலைப்பட்டியல் வாங்கி வந்தார். கோஆர்டினேட்டர் முறையாக எல்லாரிடமும் கருத்துக் கேட்டார். எல்லாரும் சரி என்றார்கள். பலா வரத்து நின்ற பிறகு மிச்ச மாதங்களில் அந்த இயந்திரம் என்ன செய்யும், தவணையை எதிலிருந்து கட்டுவது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நல்லவர்களாகவும் ஒற்றுமையாகவும் இருக்கிற குழுவில் இந்தக் கேள்வி இப்படித்தான் தொலைந்துபோகும். சண்டையே வராத குழுவைப் பார்த்தால் எனக்கு முதலில் இந்தச் சந்தேகம்தான் வரும்.

மானிட்டர் எவால்யுவேட்டருக்காகப் புது ஆள் எடுக்கவில்லை. நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருவர், முந்திரி வியாபாரத்தில் ஊறியவர், எதற்கும் உடனே தலையாட்டாதவர். பணம் சம்பந்தப்பட்ட கூட்டத்துக்கு மட்டும் அவர் வருவது, அவர் கேட்கும் கேள்விக்குப் பதில் எழுதிய பிறகே கையெழுத்து போடுவது என்று ஏற்பாடு. அவர் கேட்ட முதல் கேள்வியே அந்த மிச்ச மாதங்களைப் பற்றியதுதான். விடை தேடிப் போனதில், முதல் பருவத்துக்குச் சின்ன இயந்திரம் போதும், மற்ற மாதங்களில் அதிலேயே வாழைக்காய் சிப்ஸ் போடலாம் என்று முடிவானது.

அடுத்தது பாக்கெட். அச்சடித்த பாக்கெட்டுக்கு ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி சிலிண்டர் செய்ய வேண்டும், குறைந்தபட்ச ஆர்டரே பெரிய அளவு. ஒரு தடவை அடித்துவிட்டால் தப்பைத் திருத்த வழி இல்லை. இதற்கு ஆளைத் தேட வேண்டியதே இல்லை, கணக்கு அம்மாவின் இரண்டாவது ரோல் அதுதான். ஆனால் 'அம்மா, இதைக் கொஞ்சம் பாத்துக்கோங்க' என்று சொல்லிவிட்டால் நடக்காது. அவர் கையெழுத்து இல்லாமல் அச்சுக்குப் போகக்கூடாது என்ற அதிகாரத்தை வெளிப்படையாகக் கொடுத்தார்கள். மாதிரி அச்சைக் கையில் வாங்கியவர் உணவுப் பாதுகாப்பு உரிமத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணை ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துப் பார்த்தார். பதினான்கு இலக்கத்தில் ஒன்று விட்டுப்போயிருந்தது. தொகுதி எண்ணும் தயாரித்த தேதியும் முத்திரை குத்துவதற்கான வெற்றிடத்தில் பலாப்பழப் படம் வந்து உட்கார்ந்திருந்தது. அந்தப் படத்தின் மேல் குத்தினால் மை தெரியாது. அவர் அன்று அதை நிறுத்தினார்.

ஸ்பெஷலிஸ்ட் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெண் எண்ணெயின் தரம் பற்றி ஒவ்வொரு கூட்டத்திலும் நீளமாகப் பேசினார். மற்றவர்கள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். பிறகு கேள்வியை மாற்றினோம்: 'வறுத்த எண்ணெயை எப்போ மாத்தணும்னு கூடத்துல இருக்கிற அண்ணன் பார்த்ததும் தெரிஞ்சுக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க. அதை வச்சுதான் எண்ணெய்ச் செலவு போடப் போறோம்.' பதில் அரைப் பக்கத்தில் வந்தது. எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்ந்து கெடும்போது உருவாகும் மொத்த போலார் சேர்மங்கள், வறுக்கும் எண்ணெயில் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது நம் உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி. அதை அளக்க கையடக்க மீட்டர் கிடைக்கிறது. அந்த அளவை நெருங்குவதற்கு முன்பே எந்த எண்ணில் எண்ணெயை இறக்க வேண்டும் என்று ஓர் உள்வரம்பு வைத்துக்கொடுத்தார். அண்ணன் அதைச் சுவரில் எழுதி, ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் அளந்து நோட்டில் ஏற்ற ஏற்பாடு செய்தார். ஸ்பெஷலிஸ்டின் அறிவை இம்ப்ளிமென்டர் அன்றாட வேலையாக மாற்றிக்கொண்ட இடம் இது. இந்த இரண்டு ரோலுக்கும் நடுவே இப்படி ஒரு கைமாற்றம் நடக்காவிட்டால் ஆழமான அறிவு அறிக்கையாகவே தங்கிவிடும்.

இரட்டிப்பாக இருந்த ரோலாலும் கொஞ்சம் சிக்கல் வந்தது. ஆசிரியர், அக்கா இரண்டு பேருமே வேலையைப் பிரித்துக் கொடுப்பவர்கள். வேலைக்கு வரும் பெண்களுக்கு ஆசிரியர் ஒன்று சொல்ல, அக்கா வேறு ஒன்று சொல்ல, இரண்டு நாள் குழப்பம். கூடத்துக்குள் யார் என்ன செய்வது என்பது அக்கா முடிவு, குழுக் கூட்டம் ஆசிரியர் முடிவு என்று எல்லை போட்டதும் அடங்கியது.

ஷேப்பர் இல்லாத குறையை அப்படியே விட்டுவிட்டோம். காய் யாருக்காகவும் காத்திருக்காது, பழுத்துவிடும். அந்த நெருக்கடியே குழுவைத் தள்ளிக்கொண்டு போனது. வெளியிலிருந்து இப்படி ஒரு கெடு இல்லாத புராஜெக்டாக இருந்திருந்தால் ஷேப்பரைத் தேடியிருப்பேன்.

இல்லாத ரோலுக்கு வேறு என்ன வழி இருக்கிறது?

மேலே மூன்று வழி வந்துவிட்டது: ஒருவருடைய இரண்டாவது ரோலுக்கு அதிகாரம் கொடுப்பது, சில கூட்டங்களுக்கு மட்டும் ஆளை இரவல் வாங்குவது, இந்தப் புராஜெக்டுக்கு அது தேவையில்லை என்று தெரிந்தே விடுவது. நாலாவது, நடைமுறையால் ஈடுகட்டுவது. சரிபார்ப்புப் பட்டியல் ஓரளவு கம்ப்ளீட்டர் ஃபினிஷரின் வேலையைச் செய்யும். ஆனால் பட்டியலில் இல்லாத பிழையைப் பட்டியல் பிடிக்காது. அந்தப் பலாப்பழப் படம் எந்தப் பட்டியலிலும் இருந்திருக்காது.

செய்யக்கூடாத ஒன்று உண்டு. ஒத்துவராத ரோலை ஒருவர் தலையில் கட்டி, 'பழகிக்குவார்' என்று விடுவது. கொஞ்ச நாள் ஓட்டுவார். அப்புறம் வேலையும் கெடும், ஆளும் போய்விடுவார்.

நல்ல புத்திசாலிகளாகப் பொறுக்கி எடுத்தால் இந்த ரோல் கணக்கெல்லாம் தேவையா?

பெல்பினுக்கும் இந்த எண்ணம் இருந்தது. அறிவுத் தேர்வுகளில் அதிக மதிப்பெண் எடுத்தவர்களை மட்டும் சேர்த்துத் தனிக் குழு அமைத்து, அதற்கு அப்பல்லோ என்று பெயர் வைத்தார். ஜெயிக்கும் என்று எதிர்பார்த்த அந்தக் குழு கடைசியில் வந்தது. இப்படிப் பல அப்பல்லோ குழுக்களை அமைத்துப் பார்த்தும் பெரும்பாலானவை தேறவில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவர் வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பதிலேயே நேரம் போனது, அவசியமான சின்ன வேலைகளை எடுத்துச் செய்ய ஆள் இல்லை. தேறிய சிலவற்றில், ஆதிக்கம் செலுத்தும் ஆட்கள் குறைவாகவும், கூட்டத்தை எங்கே நிறுத்துவது என்று தெரிந்த தலைவர் ஒருவரும் இருந்தார்கள்.

புதுச்சேரியில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் இதே மாதிரிப் பார்த்திருக்கிறேன். நாலு பேரும் கோடிங்கில் கெட்டி. டேட்டாபேஸ் எதைப் போடுவது என்ற விவாதம் வாரக்கணக்கில் போனது. வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டிய கூட்டக் குறிப்பு மட்டும் யாராலும் அனுப்பப்படவில்லை.

எங்கள் ஆபீஸில் முதலாளி முன்னால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அப்புறம் எப்படி ரோல் தெரியும்?

தெரியாது. பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதது நம் பழக்கம். அதனால் முதலாளி இருக்கும் கூட்டத்தில் எல்லாருமே டீம் ஒர்க்கர்களாகத் தெரிவார்கள். மானிட்டர் எவால்யுவேட்டர் சந்தேகத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டு, டீக்கடையில் வந்துதான் சொல்வார்.

குறிப்பெடுக்கும் இரண்டு கூட்டத்தையும் முதலாளி இல்லாமல் நடத்துங்கள். மற்றவர்களைப் பற்றி நிரப்பும் படிவத்தில் நிரப்பியவர் பெயர் வேண்டாம். முதலாளியைப் பற்றிய படிவத்தை வெளி ஆள் ஒருவர் வாங்கிச் சேர்த்து, தொகுத்த முடிவை மட்டும் கொடுக்கட்டும். சந்தேகம் கேட்பவருக்கு அந்தப் பொறுப்பைப் பெயர் சொல்லிக் கொடுப்பதும் உதவும். 'இதுல என்ன தப்பு வரலாம்னு சொல்றது இன்னிக்கு உங்க வேலை' என்று முதலாளி வாயிலிருந்தே வந்துவிட்டால், அவர் கேட்பது மரியாதைக் குறைவாகத் தெரியாது. கடலூர் சிப்காட், சேதராப்பட்டு பக்கத்துக் குடும்ப நிறுவனங்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இதுவும் ஒரு ராசிபலன் மாதிரிதானே? நிரூபணம் இருக்கிறதா?

சந்தேகம் நியாயமானது. 1993இல் உளவியலாளர் ஏட்ரியன் ஃபர்ன்ஹாமும் அவருடன் இருந்த ஆய்வாளர்களும் சுயமதிப்பீட்டுப் படிவத்தைச் சோதித்து, அதன் அளவிடும் நம்பகத்தன்மை போதாது என்று எழுதினார்கள். பெல்பின் அதற்குப் பதிலும் எழுதினார். ஒன்பது ரோலும் உண்மையில் தனித்தனியானவையா, ஒன்றோடொன்று எவ்வளவு கலக்கின்றன என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. எல்லா ரோலும் உள்ள குழு கட்டாயம் நன்றாகச் செயல்படும் என்பதற்கும் ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி இல்லை.

அதனால் இதை ஆள் தேர்வுக்கோ சம்பள உயர்வுக்கோ பயன்படுத்தாதீர்கள். 'நீ ஷேப்பர் இல்ல, அதனால உனக்கு புரமோஷன் இல்ல' என்பது அநியாயம். நான் இதை வைத்துக்கொள்வது ஒரே காரணத்துக்காக: பணத்தைச் சந்தேகிக்கப் போவது யார், கடைசித் தாளைப் பார்க்கப் போவது யார் என்று வேலை தொடங்குவதற்கு முன்பே கேட்க இது ஒரு மொழி கொடுக்கிறது. அந்தக் கேள்விக்கு மதிப்பெண் துல்லியமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஒரு தடவை பார்த்தால் போதுமா, மறுபடி பார்க்க வேண்டுமா?

ஆள் மாறினால் உடனே பார்க்க வேண்டும். ஒருவர் போனால் அவருடைய வேலைக்கு ஆள் வந்துவிடும், ரோலுக்கு வராது. கணக்கு அம்மா விலகினால் புதுக் கணக்கர் கிடைப்பார், பாக்கெட்டை விரல் வைத்துப் பார்ப்பவர் கிடைப்பார் என்று சொல்ல முடியாது.

வேலையின் கட்டம் மாறும்போதும் பாருங்கள். ஆரம்பத்தில் கோஆர்டினேட்டருக்கும் வெளியே அலைபவருக்கும் வேலை அதிகம். திட்டம் முடிவாகும் நேரத்தில் எடைபோடுபவரும் ஸ்பெஷலிஸ்டும் தேவைப்படுவார்கள். உற்பத்தி ஓட ஆரம்பித்ததும் இம்ப்ளிமென்டரும் கம்ப்ளீட்டர் ஃபினிஷரும்தான் முன்னால் நிற்க வேண்டும். அந்த நேரத்திலும் கூட்டத்தில் தம்பியே முக்கால் மணி நேரம் புது வாய்ப்புகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால், அவரை ஊர் ஊராகக் கடை பிடிக்க அனுப்பிவிட்டு, கூட்டத்தின் முதல் பத்து நிமிடத்தை அண்ணனின் எண்ணெய் நோட்டுக்குக் கொடுங்கள்.